'ஒரு எட்டு' பேசுவதுதான் டச் பேஸ்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து, "லேபிள் விஷயமாக வியாழக்கிழமை டச் பேஸ் செய்வோம்" என்று மெயில் வந்தது. அவருக்குப் புரியவில்லை. 'டச் பேஸ் என்றால் தொடர்பு கொள்ளுதல்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதாதா?

பதில்: போதாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை அவர் என்ன செய்வார்? போன் வரும் என்று காத்திருப்பதா, தானே பேசுவதா, முழு ஃபைலையும் தயார் செய்வதா என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லில் இருக்கும் அளவுதான் அவருக்குத் தெரியவேண்டியது. "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த 'ஒரு எட்டு' அளவு. உட்கார்ந்து விருந்து சாப்பிடப் போவதில்லை, வாசலில் நின்று நலம் விசாரித்துத் திரும்புவதுதான். டச் பேஸும் அப்படித்தான்: ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலையில், யார் எந்த நிலையில் இருக்கிறோம் என்று சுருக்கமாகப் பேசிக்கொள்வது.

இது அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்த சொல் என்றுதான் பொதுவாக விளக்குவார்கள். அதில் ஓடுகிறவர் 'பேஸ்' என்று குறித்துவைத்த ஒவ்வொரு இடத்தையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும். நம் பிள்ளைகளுக்கு கிரிக்கெட்டை வைத்துச் சொன்னால் உடனே புரியும். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது மட்டையைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றிவிட்டு ஓடுகிறார்கள் அல்லவா? ஊன்றாமல் திரும்பினால் அந்த ரன் கணக்கில் வராது. அங்கே யாரும் நின்று இளைப்பாறுவதும் இல்லை.

மெயிலை இப்படி எழுதுங்கள்:

"வணக்கம்மா. வியாழக்கிழமை 'டச் பேஸ்' என்று அவர் எழுதியதற்கு, லேபிள் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று ஐந்து பத்து நிமிடம் பேசிக்கொள்வோம் என்று அர்த்தம். பெரிய மீட்டிங் இல்லை. போனிலும் பேசலாம், மெயிலிலும் முடிக்கலாம். மூன்று விஷயம் கையில் இருந்தால் போதும்: அவர் சொன்ன திருத்தத்தில் எது முடிந்தது, எது பாக்கி, அச்சுக்கு எப்போது போகும். யார் முதலில் பேசுவது என்று அந்தச் சொல்லில் இல்லை. அதனால் காலையிலேயே, 'எத்தனை மணிக்குப் பேசலாம்?' என்று நீங்களே கேட்டுவிடுங்கள். நீங்கள் எழுதும்போது நாளையும் விஷயத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் 'டச் பேஸ் செய்வோம்' என்றால், 'அப்புறம் பார்ப்போம்' என்று சொன்னது போல ஆகிவிடும்."

அவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் புதிதாக வந்தவர் படிக்கமாட்டார்.

ஆனால் எங்கே இந்தச் சொல்லைப் போடக்கூடாது என்பதை நேரில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். மெயிலைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் தொழிலிலிருந்தே பார்ப்போம். பெங்களூரா மாங்கூழில் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, 14-க்குக் குறையக்கூடாது என்று ஒப்பந்தம். ஒரு லாட்டில் 13.5 வந்துவிட்டது. டிரம்கள் கன்டெய்னரில் ஏறக் காத்திருக்கின்றன. இந்த நேரத்தில் அந்தப் பெண், "தரம் குறித்து டச் பேஸ் செய்யலாமா?" என்று எழுதினால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? அவசரம் ஒன்றும் இல்லை, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார். சொல்லே அவசரத்தை மறைத்துவிடும். பதில் வருவதற்குள் கப்பல் போய்விடும். அங்கே நேராக எழுத வேண்டும்: "இந்த லாட்டில் பிரிக்ஸ் 13.5 வந்திருக்கிறது. ஏற்றலாமா, நிறுத்தலாமா? இன்று மாலை நான்கு மணிக்குள் உங்கள் முடிவு வேண்டும்." முடிவு கேட்கும்போதும், தவறை ஒப்புக்கொள்ளும்போதும், பணம் பாக்கி கேட்கும்போதும் டச் பேஸ் வேண்டாம். முன்பின் பேசியே இராத ஆளிடமும் ஒட்டாது. தொடர்பு ஏற்கெனவே இருந்தால்தானே ஒரு எட்டு போய்ப் பார்க்க முடியும்?

ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு இடத்தில் தவறு வரும். 'டச் த பேஸ்' என்று நடுவில் 'த' போடக்கூடாது. யாரோடு என்பதற்கு 'வித்' கட்டாயம்: 'டச் பேஸ் வித் யூ' சரி, 'டச் பேஸ் யூ' தவறு.

அப்புறம், பக்கத்து மேசையில் இருக்கும் உங்களிடம் பேசவும் அந்தப் பெண் இந்தச் சொல்லைத் தேட வேண்டியதில்லை. "அண்ணா, லேபிள் விஷயமா ஒரு எட்டு பேசிடலாமா?" என்று கேட்டாலே வேலை நடக்கும்.