பெப்பர் ஸ்பிரேயா, அலாரமா?

கேள்வி: நைட் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து தனியாக நடந்து வருகிறேன். பெப்பர் ஸ்பிரே வாங்கலாமா, பர்சனல் அலாரம் போதுமா?

பதில்: வழியில் வீடு, கடை இருந்தால் முதலில் அலாரம்தான். பின்னை இழுத்ததும் அலற ஆரம்பிக்கும், திரும்பச் செருகும் வரை நிற்காது, தாக்க வருபவன் பிடுங்கித் தூர எறிந்தாலும் கத்திக்கொண்டேதான் கிடக்கும். ஆனால் அது யாரையும் தடுக்காது. ஆளில்லாத ரோட்டில் வெறும் சத்தம், அவ்வளவுதான்.

அங்கேதான் ஸ்பிரே. உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சாறு, முகத்தில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், மூச்சுத் திணறும் அளவுக்கு இருமல் வரும். சிக்கல் என்னவென்றால் சின்ன டப்பா இரண்டு மூன்று மீட்டர்தான் எட்டும், எதிர்க்காற்று அடித்தால் உங்கள் கண்ணுக்கே வந்துவிடும், போதையில் இருப்பவன் கண் தெரியாமலேயே கையைப் பிடித்துவிடவும் கூடும். அதனால் அடித்த கையோடு நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகி ஓடுங்கள்.

அப்புறம், டப்பாவில் காலாவதித் தேதி பாருங்கள். உள்ளே அழுத்தம் இறங்கிப் போனால் பீய்ச்சாது, சொட்டும். பேக்கின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடந்தால் இரண்டுமே வீண். நான் என்றால் அலாரத்தைப் பேக் வாரில் மாட்டி, ஸ்பிரேயைக் கையில் வைத்து நடப்பேன்.