அப்பாவுக்கு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கு, எங்க யாருக்கும் புரியலை. ஆடிட்டருக்கு என்னன்னு எழுதி அனுப்பறது?

போட்டோ எடுத்து "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் அனுப்பாதீர்கள். ஜூலை மாதத்தில் ஆடிட்டர் போனில் அப்படிப் படங்கள் குவிந்து கிடக்கும்.

முதலில் 143(1) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயப்பட வேண்டாம், பெங்களூர் மையத்தில் கணினி போட்ட கணக்குதான் அது. மெயிலில் வந்த பிடிஎஃப் திறக்க, அப்பாவின் பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, ஒட்டினாற்போல் பிறந்த நாள், மாதம், வருடம் அடிக்க வேண்டும். உள்ளே நாம் காட்டிய தொகையும் அவர்கள் கணக்கிட்ட தொகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் எந்த இடத்தில் மாறுகிறது என்பதுதான் ஆடிட்டருக்கு வேண்டிய விஷயம்.

என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி. 14,200 ரூபாய் கட்டச் சொல்லி வந்ததும், "கொள்முதல் நிலையத்து நெல் பணம் உன் அக்கவுண்ட்ல ஏறுதுல்ல, அதைத்தான் கேக்குறான்" என்று என் மேல் பாய்ந்தார். (நிலம் என் பேரில்.) டி.டி.எஸ். என்பது பணம் கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொள்ளும் வரி, 26ஏஎஸ் என்பது அப்படி ஒருவர் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் பட்டியல். நான் ஆடிட்டருக்கு எழுதியது:

"சார், அப்பாவுக்கு 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு 143(1) வந்திருக்கு. வருமானம் நாம காட்டின மாதிரியே இருக்கு. டி.டி.எஸ்.ல மட்டும் 14,200 குறையுது. பென்ஷன்ல பிடிச்சதை ஏத்துக்கிட்டாங்க. டெபாசிட் வட்டி 1,42,000-க்கு பேங்க் பிடிச்ச 10 சதவீதம் அப்பாவோட 26ஏஎஸ்ல இல்லை. அந்த ஜாயிண்ட் டெபாசிட்ல முதல் பேர் அம்மா. அம்மா தவறினப்புறம் பேர் மாத்தலை. நோட்டீஸ், 26ஏஎஸ், டி.டி.எஸ். சான்றிதழ், அம்மாவோட இறப்புச் சான்றிதழ் அனுப்பியிருக்கேன்."

படித்ததும் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கூட்டு டெபாசிட்டில் முதல் பெயருக்கு உரிய பானில்தான் பேங்க் வரியைக் கட்டும். வட்டியை அப்பா கணக்கில் காட்டினோம், வரியோ அம்மா கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. "கட்டித் தொலைச்சிடலாமே" என்றார் அப்பா. கட்டினால் ஒரே வட்டிக்கு இரண்டு தடவை வரி.

கேட்ட 30 நாளுக்குள், வருமான வரித் தளத்தில் Response to Outstanding Demand பகுதிக்குப் போய், கோரிக்கையை ஏற்கவில்லை என்று காரணத்தோடு பதிந்தோம். சும்மா விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். பின்னால் வரவேண்டிய ரீஃபண்டிலும் கழித்துக்கொள்வார்கள். அடுத்தது பேங்க். இறப்புச் சான்றிதழோடு மனு கொடுத்து, அவர்கள் தாக்கல் செய்த டி.டி.எஸ். கணக்கில் பானைத் திருத்தச் சொல்ல வேண்டும். கிளையில் "அது ஹெட் ஆபீஸ் வேலை" என்பார்கள். மனுவின் நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அப்பாவின் 26ஏஎஸ்ஸில் அந்தத் தொகை தெரிந்த பிறகுதான் அதே தளத்தில் Rectification என்ற திருத்தப் பகுதிக்குப் போய் Tax credit mismatch correction போட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் கணினி பழைய கணக்கையே திருப்பி அனுப்பும்.