ராத்திரி முழுக்க லூப்பில் ஓடிய வீடியோவின் வியூ ஏன் குறைந்தது?

கேள்வி: "கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க ஊர் மாரியம்மன் பொங்கல் கும்மி வீடியோவை யூடியூப்ல போட்டோம். 4 நிமிஷ வீடியோ. பசங்க 8 போன்ல ராத்திரி பூரா லூப்ல ஓட விட்டாங்க. ஏறின வியூ மறுபடி குறைஞ்சிருச்சு. யூடியூப் ஏமாத்துதா?"

ஏமாற்றவில்லைங்க. 4 நிமிட வீடியோ பத்து மணி நேரத்தில் ஒரு போனில் 150 தடவை ஓடும். 8 போனுக்கு 1,200. ஆனால் பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. யூடியூப் தேடுவது, ஒருவர் தாமே விரும்பிப் போட்டுப் பார்த்தாரா என்பதை. முதலில் வரும் எண் தற்காலிகம்தான், சரிபார்த்தபின் கழிவுகள் கழியும்.

ஒரே வைஃபை என்பதால் மட்டும் தூக்கிவிடுவதில்லை. மொபைல் டேட்டாவில் ஏராளமான பேர் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அதை மட்டும் நம்பினால் ஊரே அடிபடும். அதே சாதனம், அதே வீடியோ, இடைவெளியே இல்லாத ஓட்டம் என்று பல அடையாளங்கள் சேரும்போதுதான் சந்தேகம் வலுக்கும். ஒருவர் பிடித்துப் போய் ரெண்டு மூணு தடவை பார்த்தால் அதுவும் வியூதான். எத்தனைக்கு மேல் ஆகாது என்ற வரம்பை யூடியூப் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் அதற்கு ஒன்று குறைவாக ஓட்டிவிட்டுப் போவார்கள்.

"30 வினாடி பார்த்தால் வியூ" என்று கீழே யாராவது சண்டைக்கு வருவார்கள். அது ஸ்கிப் பண்ணக்கூடிய விளம்பரத்துக்கான கணக்கு. சாதாரண வீடியோவுக்கு அப்படி ஒரு விதியை யூடியூப் அறிவித்ததில்லை. ஷார்ட்ஸ் கதை வேறு: 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், வியூ ஏறும். ஆனால் வருமானத்துக்கு அந்த எண்ணை எடுப்பதில்லை, ஈடுபாட்டோடு பார்த்த வியூவைத்தான் எடுக்கிறார்கள்.

கோயில் வெப்சைட்டில் வீடியோவைப் பதித்திருந்தால் லிங்கைப் பாருங்கள். `autoplay=1` இருந்தால் பக்கம் திறந்ததும் தானே ஓடத் தொடங்கலாம், அப்படி ஓடுவது அதிகாரபூர்வ வியூவில் சேராது. எடுத்துவிடுங்கள். பார்ப்பவர் பிளேயரின் பிளே பட்டனை அழுத்த வேண்டும்.

இவ்வளவு கறாருக்குக் காரணம் பணம். விளம்பரதாரர் மனிதக் கண்ணுக்குத்தான் காசு கொடுக்கிறார். போனும் டேட்டா சென்டர் சர்வரும் போலியாக ஓட்டியதற்குப் பில் போட்டால் அவர் ஓடிவிடுவார். பரிந்துரையும் கெடும்: கும்மியை யாருக்குக் காட்டலாம் என்று யூடியூப் கற்பது பார்த்தவர்களை வைத்து. 8 போன் அதற்கு எதையும் சொல்லித் தராது.

இதில் எரிச்சலூட்டுவது, கல்யாண வீடியோ எடுக்கிற சிலர் "10,000 வியூ சேர்த்துத் தரேன்" என்று பேக்கேஜில் காசு வாங்குவதுதான். வியூ கழிந்தபின் போன் எடுக்கமாட்டார்கள். பழி மட்டும் யூடியூப் மேல்.

ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸ் நிலைக்க ஓரிரண்டு நாள் விடுங்கள். அதன்பின் டிராஃபிக் சோர்ஸில் வாட்ஸ்அப், தேடல், பரிந்துரை என்று எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியும். லூப்பை நிறுத்திவிட்டு, லிங்கை வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள்.