கழகப் போஸ்டரில் யார் முகம்? கேள்வி பதில்

பாடசாலை ஊடகக் கழகம் ஏஐயில் படம் செய்ய வாங்க வேண்டிய அனுமதி பற்றிப் புதிய அறிவித்தலை எழுதிய தகவல் தொழில்நுட்ப ஆசிரியை பதில் சொல்கிறார். இடம்: ஹட்டன் பக்கம்.

தரம் 11 மாணவி: இல்ல விளையாட்டுப் போட்டியில எடுத்த குரூப் போட்டோவ வச்சு ஏஐயில போஸ்டர் செய்யப்போறோம் டீச்சர். என் கூட்டாளி சரின்னுட்டா. மத்த நாலு பேர்கிட்டயும் கேக்கணுமா?

கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த நால்வரையும் முதலிலேயே வெட்டிவிடுங்கள். படத்தைச் செயலிக்குள் போட்ட உடனேயே ஐந்து முகமும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடும். பிறகு போனில் அழித்தாலும் அங்கிருப்பது அழியாது. போனிலேயே வெட்டி, தனிப் பிரதியாகச் சேமித்து, அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

உங்கள் கூட்டாளி சரி சொன்னது எதற்கு? தான் ஓடுவதுபோல் ஒரு படத்துக்கு. நீங்கள் ‘மலையக மாணவி’ என்று எழுதிக் கேட்டால், அது கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிவிட்டு, நிறத்தையும் வெளுப்பாக்கித் தரக்கூடும். கொழுந்து பறிப்பதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் தன்னை எப்படிக் காட்டுவது என்பது அவள் முடிவு. அதனால்தான் அறிவித்தலின் அனுமதிப் படிவத்தில் இரண்டு கையொப்பம் வைத்தோம்: படத்தை உள்ளே போடுமுன் ஒன்று, முடிந்த படத்தைப் பார்த்தபின் ஒன்று. இரண்டாவது இல்லாவிட்டால் போஸ்டர் ஒட்டப்படாது.

தரம் 10 மாணவன்: மொகத்த மங்கலாக்கிட்டா யார்கிட்டயும் கேக்கத் தேவையில்லதானே?

பாதி சரி. மங்கலாக்கிய பிறகு உள்ளே போட்டால் முகம் வெளியே போகாது. முடிந்த படத்தில் மங்கலாக்கினால், போனது போனதுதான். இல்ல நிற டீசேர்ட், முதுகில் இலக்கம், நிற்கும் விதம் இவ்வளவு போதும், வகுப்பே ஆளைச் சொல்லிவிடும். வகுப்பு அடையாளம் காணும் என்றால் அனுமதி வேண்டும்.

ஒரு தந்தை: மகளோட அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவுல படம் எடுத்தோம். அதுக்கும் இந்தப் படிவம் நிரப்பணுமா?

தேவையில்லை ஐயா. இது கழகம் செய்யும் படங்களுக்கு மட்டும்.

தரம் 9 மாணவி: ஒருத்தியோட மொகத்த வேற ஒடம்புல வச்சு வட்ஸ்அப்ல அனுப்புறாங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒங்களுக்கு அனுப்பவா?

ஆடையில்லாத, அசிங்கமான படமென்றால் எடுக்காதீர்கள், எனக்கும் அனுப்பாதீர்கள். எந்தக் குழு, எந்த இலக்கம், எத்தனை மணி என்று எழுதிக்கொண்டு இன்றே நேரில் வாருங்கள். சிறுவர் உதவிக்கு 1929ஐ நீங்களே அழைக்கலாம். வெறும் கேலிப் படமென்றால் ஸ்க்ரீன்ஷாட் உதவும், ஆனால் வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஒரு பாட்டி: பேத்தியோட அம்மா குவைத்துல இருக்கா. நான் கைநாட்டு வச்சா செல்லுமா டீச்சர்?

இப்போதைக்கு அம்மாவிடமிருந்து ஒரு வொயிஸ் மெசேஜ் வாங்கித் தாங்கம்மா, எந்தப் படத்துக்கு என்று சொல்லி. உங்கள் கைநாட்டு மட்டும் போதும் என்கிறார் பொறுப்பாசிரியர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேத்தி வேண்டாம் என்றால் யார் வைத்தாலும் செல்லாது, அதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம்.