குறுக்கே நடந்தவரைக் காட்சியிலிருந்து நீக்குதல்

கேள்வி: டிரைபாடில் வைத்து எடுத்த பேட்டி. பின்னால் ஒருவர் நாலு நொடி நடந்து போகிறார். ஒவ்வொரு ஃபிரேமிலும் அவரைச் சுற்றி மாஸ்க் வரைய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கேமரா அசையவில்லை என்றால், அவர் மறைத்த சுவர் அவர் போன பிறகு அதே இடத்தில் முழுமையாகப் பதிவாகியிருக்கும். அதே கிளிப்பின் நகலை மேல் டிராக்கில் வைத்து, அவர் வெளியேறிய பின் வரும் பகுதி அந்த நாலு நொடிக்கு நேராக வரும்படி நகர்த்துங்கள். பிறகு, அவர் நடந்த பாதையையும் தரையில் விழுந்த நிழலையும் சேர்த்து அடக்கும் ஒரே நிலையான மாஸ்க்கை அந்த நகலில் வரைந்து, விளிம்பைச் சற்று மென்மையாக்குங்கள். நிழலை விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஆள் இல்லாமல் நிழல் மட்டும் நடந்து போகும்.

அவர் பேசுபவரின் தலைக்குப் பின்னால் கடந்திருந்தால், மூல கிளிப்பை மூன்றாவது முறையாக எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பேசுபவரை மட்டும் மாஸ்க்கில் வெட்டி எடுக்க வேண்டும். நடப்பவர் தலைமுடியை ஒட்டி வரும் சில ஃபிரேம்களில் மட்டும் மாஸ்க் நெருக்கமாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் இரண்டு டிராக்கிலும் சுவர் ஒன்றே என்பதால் தளர்வாக விடலாம்.

கேள்வி: ஓடும் நகல் எதற்கு? ஆளில்லாத ஒரு ஃபிரேமை நிறுத்தி மேலே போட்டால் போதுமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: நல்ல பகல் வெளிச்சத்தில் நீங்கள் சொல்வது சரி. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் முழுவதும் மெல்லிய புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்க, நிறுத்திய ஒட்டு மட்டும் உறைந்து தெரியும். குத்துவிளக்கு எரியும் ஒரு கூடத்தில் நானே இப்படி ஒட்டினேன். சுவரெங்கும் சுடரின் ஒளி அசைய, ஒரு பகுதி மட்டும் அசையாமல் நின்றது, அதைப் பெரிய திரையில்தான் கவனித்தேன். 200 சதவீதம் பெரிதாக்கி ஓடவிட்டுப் பாருங்கள். ஒற்றை ஃபிரேம்தான் கிடைக்கிறது என்றால் அதன்மேல் அதே போல் துடிக்கும் புள்ளிகளை, அதாவது கிரெயினை, சேர்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கும் இதேதான். நடந்தபடி எடுத்ததில் ஒரு கடைப் பலகை தெரிகிறது. நகல் வைத்தேன், ஒட்டு மிதக்கிறது.

பதில்: உங்களுடையது வேறு வகை. கேமரா நகர்வதால் முன்பின் ஃபிரேம்கள் பொருந்தா. சுவரின் தளம் ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்வதை டிராக் செய்து, ஒரே ஃபிரேமில் பலகையைக் குளோன் கருவியால் அழித்து, அந்த ஒட்டை அந்த நகர்வோடு பிணையுங்கள். பலகை சுவரோடு ஒட்டியிருந்தால்தான் இது எளிது. தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வோர் அடிக்கும் அதன் பின்னால் தெரிவது மாறும், ஒரே ஒட்டு போதாது.

கேள்வி: ஆள் போன பிறகு மேகம் மூடிவிட்டது. ஒட்டு மங்கலாக இருக்கிறது.

பதில்: ஆள் வருவதற்கு முந்தைய பகுதியை முதலில் பாருங்கள். அதுவும் பொருந்தாவிட்டால் கர்வ்ஸில் வெளிச்சத்தை ஏற்றலாம். ஆனால் வெயிலில் கூர்மையாக இருந்த மர நிழல் மேகத்தில் கரைந்திருக்கும், அதை எந்த வண்ணத் திருத்தமும் மீட்காது. அந்த இடத்தில் வேறு ஷாட்டுக்கு வெட்டுவதா, நிழலைக் கையால் வரைவதா என்பதை உங்கள் கிளிப்பைப் பார்க்காமல் என்னால் சொல்ல இயலாது.