பெயரில் மட்டும் இன்ஃப்ளுயன்சா

அன்புள்ள ஐயா,
என் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ‘ஹிப்’ என்று இருந்தது. விரித்தால் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே வகை பி. அப்படியானால் ஃப்ளூ காய்ச்சல் வராதா என்று டாக்டரிடம் கேட்டேன். “அது பாக்டீரியா, ஃப்ளூ வருவது வைரஸால், இரண்டுக்கும் சம்பந்தமில்லை” என்றார். பிறகு ஏன் அந்தப் பெயர்?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

டாக்டர் சொன்னது சரி. அந்தப் பெயர் 1892இல் நடந்த ஒரு தவறின் மிச்சம்.

அப்போது ஐரோப்பாவில் இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ, பரவிக்கொண்டிருந்தது. பெர்லினில், நோய்க்கிருமி ஆய்வில் புகழ்பெற்ற ராபர்ட் கோக்கின் நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் ஃபைஃபர் நோயாளிகளின் சளியில் மிகச் சிறிய குச்சி வடிவ பாக்டீரியாவைக் கண்டார். இதுதான் காரணம் என்று அறிவித்தார். விலங்குகளுக்கு அதை ஏற்றி அதே காய்ச்சலை உண்டாக்க அவரால் முடியவில்லை. ஆனாலும் கோக்கின் மாணவர் சொன்னதால் உலகம் ஏற்றுக்கொண்டது.

1918 பெருந்தொற்றில் சிக்கல் வெளிப்பட்டது. சில மருத்துவமனைகளில் ஏறக்குறைய எல்லா நோயாளியிடமும் அந்த பாக்டீரியா கிடைத்தது, சிலவற்றில் மிகக் குறைவு. இது ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில்தான் நன்றாக வளரும் (ஹீமோஃபிலஸ் என்றாலே ரத்தத்தை விரும்புவது). அதனால் கிடைக்காதவர்கள், நாம் வளர்த்த விதம்தான் சரியில்லை போலிருக்கிறது என்று தங்களையே சந்தேகித்தார்கள். பாக்டீரியாவைச் சந்தேகித்தவர்கள் குறைவு. எனக்கு இந்த இடம்தான் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தது பன்றிகள். 1918இலிருந்து அமெரிக்காவின் அயோவா பகுதிப் பன்றிகளுக்கும் இதே போன்ற காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. ரிச்சர்ட் ஷோப் நோயுற்ற பன்றிகளின் சுவாசப் பாதையில் தேடினார். ஃபைஃபரின் பாக்டீரியாவுக்கு நெருங்கிய சொந்தமான ஒன்று கிடைத்தது. அதை மட்டும் வளர்த்து நல்ல பன்றியின் மூக்கில் விட்டார், நோய் வரவில்லை. அப்புறம் நோயுற்ற பன்றியின் சுரப்பை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து விட்டுப் பார்த்தார். லேசான காய்ச்சல் வந்தது. இரண்டையும் சேர்த்து விட்டபோதுதான் பண்ணையில் கண்ட கடுமையான நோய் அப்படியே வந்தது. வடிகட்டியைத் தாண்டியது வைரஸ். 1931இல் இதை வெளியிட்டார்.

ஃபைஃபர் பார்த்தது பொய்யல்ல என்பதும் இதனால் விளங்குகிறது. வைரஸ் சுவாசப் பாதையைப் புண்ணாக்கிய பிறகு உள்ளே பெருகும் பாக்டீரியாக்களில் அதுவும் ஒன்று. நுண்ணோக்கியில் தெரிந்தது அது, தெரியாமல் இருந்தது வைரஸ்.

மனித வைரஸ் 1933இல் லண்டனில் கிடைத்தது. வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் நோயாளியின் தொண்டை கொப்பளித்த நீரை வடிகட்டி, ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்கின் மூக்கில் விட்டார்கள். இரண்டே நாளில் அதற்குக் காய்ச்சல், மூக்கொழுகல், தும்மல். 1936இல் அப்படி நோயுற்ற ஒரு ஃபெரட், அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட்-ஹாரிஸின் முகத்தில் தும்மியது. ஏறக்குறைய இரண்டு நாளில் அவர் ஃப்ளூவில் படுத்தார். அவரிடமிருந்து அதே வைரஸை மீண்டும் எடுத்தார்கள்.

பாக்டீரியாவுக்கு வைத்த பெயர் மட்டும் மாறவில்லை. உங்கள் குழந்தைக்குப் போட்ட ஊசி மூளைக்காய்ச்சல், நிமோனியா போன்றவற்றை உண்டாக்கும் அந்த பாக்டீரியாவுக்கானது. ஃப்ளூவுக்குத் தனி ஊசி இருக்கிறது, குழந்தைகள் டாக்டரிடம் கேளுங்கள்.

அன்புடன்