முக்கால் கப்பா, கால் கப்பா? காது மந்தமானவர்களுக்குப் புரியும்படி சமையல் வீடியோ எடுப்பது

கேள்வி: சமையல் வீடியோ போடுகிறேன். காது மந்தமான ஒருவர் "பாதிக்கு மேல் புரியவில்லை" என்று எழுதியிருந்தார். தானாக வரும் சப்டைட்டிலை ஏற்கெனவே போட்டிருக்கிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

சப்டைட்டில் எழுதுவதுதான் என் தொழில். என் அம்மா பத்து ஆண்டுகளாகக் காது கேட்கும் கருவி அணிகிறார். இந்த இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு அம்மா ஒரு வீடியோவைப் பார்த்து மைசூர் பாகு கிளறினார். சர்க்கரை கரையவே இல்லை, அடியில் மணல்போலத் தங்கிவிட்டது. அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சொன்னது "முக்கால் கப் தண்ணீர்". "முக்கால்" என்பதில் முதலெழுத்து குறில். சிம்னி விசிறியின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது "கால்" மட்டும்தான். தானாக வந்த சப்டைட்டிலிலும் "கால் கப்" என்றே இருந்தது. அம்மா காதில் விழுந்ததைச் சந்தேகப்பட்டுத்தான் எழுத்தைப் பார்த்தார். எழுத்தும் அதையே சொன்னதால் நம்பிவிட்டார். அதனால்தான் தானாக வருவதை அப்படியே விட்டுவிடாதீர்கள் என்கிறேன். குரல் தெளிவில்லாத இடத்தில் காது செய்யும் அதே பிழையைத்தான் அதுவும் செய்கிறது. இருநூறு, அறுநூறு போன்ற எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள்.

முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள். வயதாவதால் கேட்கும் திறன் குறைகிறவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும். ச, த, ட, ப போன்ற மெய்களின் கூர்மை விழாது. அதனால்தான் "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்கிறார்கள். ஒலியைக் கூட்டினால் எல்லாமே சேர்ந்து கூடுமே தவிர, தொலைந்த மெய்கள் திரும்பி வருவதில்லை. உங்களால் செய்யக்கூடியது மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவது. காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளுங்கள். தூரம் இரு மடங்கானால் நேரடியாக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. டைல்ஸ் சுவரிலும் கிரானைட் மேடையிலும் மோதி வரும் எதிரொலியோ அப்படிக் குறைவதில்லை. சமையலறையில் கேமரா மைக்கை மட்டும் நம்பினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருப்பது இதனால்தான். பேசும்போது சிம்னியையும் மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள். பின்னணி இசை வேண்டும் என்றால், குரலைவிட 20 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்லும் அளவு. பேசும் இடங்களில் இசையே வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சில மைக்குகளை இணைக்கும்போது குரல் இடது பக்கத்தில் மட்டும் பதிவாகிவிடும். வலது காது மட்டும் கேட்பவருக்கு இயர்போனில் எதுவுமே வராது. இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, பிறகு மறுகாதுக்கு மாற்றிக் கேட்டால் தெரிந்துவிடும். எடிட் செய்யும்போது மோனோவாக மாற்றினால் சரியாகிவிடும்.

இனி சப்டைட்டில். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. "கொதித்த பிறகு தண்ணீர் ஊற்ற" என்று ஒரு சப்டைட்டில், மூன்று விநாடி கழித்து "வேண்டாம்" என்று இன்னொன்று. இந்த மூன்று விநாடிக்குள், படித்துக்கொண்டே சமைப்பவர் சொம்பைக் கையில் எடுத்திருப்பார். கேட்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, குரலின் ஏற்ற இறக்கமே வரப்போவதைச் சொல்லிவிடும். ஆகவே வினையும் அதன் "வேண்டாம்", "கூடாது", "இல்லை"யும் ஒரே சப்டைட்டிலில் இருக்கட்டும். அதிகபட்சம் இரண்டு வரி. சொல்லைப் பாதியில் உடைக்காதீர்கள். நான் எழுதினால் அந்த இடம் இப்படி இருக்கும்:

```
14
00:03:12,400 --> 00:03:15,600
பாகுக்கு முக்கால் கப்
தண்ணீர் போதும்.

15
00:03:16,000 --> 00:03:19,200
கொதித்த பிறகு தண்ணீர்
ஊற்ற வேண்டாம்.

16
00:03:20,500 --> 00:03:22,500
[பாகு சடசடவெனக் கொதிக்கிறது]
```

இதை நோட்பேடிலேயே எழுதி, .srt என்ற முடிவோடு சேமிக்கலாம். சேமிக்கும்போது UTF-8 தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சப்டைட்டில் மென்பொருள் "விநாடிக்கு இத்தனை எழுத்து, அதிகம்" என்று எச்சரித்தால் உடனே சொற்களை வெட்டிவிடாதீர்கள். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு. குறியீடுகளை எண்ணும் மென்பொருள் அளவை மிகைப்படுத்திக் காட்டும். வரியை நிதானமாக ஒருமுறை வாய்விட்டுப் படித்து முடிக்கும்வரை அது திரையில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடைப்புக்குறிக்குள் உள்ள ஒலிக் குறிப்பை அலங்காரமாக நினைக்க வேண்டாம். நம் சமையலில் பாதிப் பக்குவத்தைக் காதால்தான் அறிகிறோம். வடை வெந்துவிட்டதை எண்ணெயின் சலசலப்பு அடங்குவதில் தெரிந்துகொள்கிறோம். அந்தச் சலசலப்பும் கடுகு பொரிவதும் உயர் ஒலிகள். காது மந்தமானவர்களுக்கு முதலில் தொலைபவை அவைதான். "இந்தச் சத்தம் வந்ததும் கருவேப்பிலை போடுங்கள்" என்று நீங்கள் சொன்னால், எந்தச் சத்தம் என்பது அவருக்குத் தெரியாது. [கடுகு பொரிகிறது], [எண்ணெய் சலசலப்பு அடங்குகிறது], [குக்கர், மூன்றாவது விசில்] என்று எழுதுங்கள். தெருவில் போகும் ஆட்டோ சத்தத்தை எழுதத் தேவையில்லை.

நீங்கள் சொன்ன சொற்களையும் அவற்றின் வரிசையையும் மாற்றாதீர்கள். பலர் எழுத்தோடு உதட்டையும் சேர்த்துப் படிக்கிறார்கள். வாய் "ஊத்துங்க" என்று அசைகையில் "ஊற்றுங்கள்" என்று எழுதினால் தொடர முடியும். "சேர்க்கவும்" என்றால் தடுமாறிப்போவார்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து பேசுபவரின் பெயரையோ உறவையோ முன்னால் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, திரையில் நீங்களே போடும் அளவுப் பட்டியல். சப்டைட்டில் வழக்கமாகக் கீழே வருவதால் பட்டியலை மேலே வையுங்கள். கீழே வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும். மெல்லிய அலங்கார எழுத்துருவில், சிறிய திரையில், முதலில் மறைவது புள்ளி. அது போனால் மெய்யெழுத்து எது என்று தெரியாது. தடித்த எழுத்து, அதன் பின்னால் பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை, வெள்ளை நிறம். மஞ்சள் மாவின் மேல் வெள்ளை எழுத்தைப் பட்டையில்லாமல் போட்டால் யாராலும் படிக்க முடியாது. பட்டியல் நிற்கும்போது பேசாமல் இருங்கள், அல்லது அதையே படியுங்கள். ஒரே நேரத்தில் மேலே ஒரு எழுத்தையும் கீழே வேறு எழுத்தையும் யாராலும் படிக்க இயலாது.

போடுவதற்கு முன், சமைக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒலியை முழுதும் அணைத்த போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எவ்வளவு, எப்போது நெய் ஊற்ற வேண்டும், எதைச் செய்யக் கூடாது. என் வீட்டில் இந்தச் சோதனையை அம்மா செய்கிறார், கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு.